ஸ்கேனரா, கைப் பில்லா: பாகான் டாலாம் மளிகைக் கடையில் இரண்டையும் ஓட்டிப் பார்த்த கதை

மலேசியாவில், பட்டர்வொர்த் பாகான் டாலாமில் என் மாமா ஒரு சின்ன மளிகைக் கடை வைத்திருக்கிறார். ஏறக்குறைய 800 வகை சாமான், ஒரு கல்லாப்பெட்டி, ஒரு தராசு, கார்பன் தாள் வைத்த பில் புத்தகம், அப்புறம் கடன்காரர்களுக்கு அந்த 555 குட்டி நோட்டு. ஸ்கேனர் வாங்கலாமா என்ற பேச்சு ரொம்ப நாளாக ஓடிக்கொண்டிருந்தது. மாமாவின் பதில் எப்போதும் ஒன்றுதான்: "விலையெல்லாம் மண்டையில இருக்கு, மெஷின் எதுக்கு?" அத்தை அதற்குச் சொன்னதுதான் உண்மையில் விஷயத்தைத் தொடங்கி வைத்தது. "உங்க மண்டை மத்தியானம் தூங்கப் போயிருது, அப்ப யாரு கடையைப் பாக்கறது?"

சரி, வாதம் பண்ணுவதைவிட இரண்டையும் கொஞ்ச காலம் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டிப் பார்ப்போம் என்று முடிவு செய்தோம். பகலில் வழக்கம்போலக் கைப் பில், இரவு கடை மூடியதும் அதே பில்களின் கார்பன் நகலை வைத்துக்கொண்டு கணினியில் அடித்து ஒப்பிடுவது. பிறகு ஸ்கேனரைக் கவுண்டருக்குக் கொண்டுவந்து, கைப் பில்லை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வது. அதில் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வேகம். எல்லோரும் நினைப்பதுபோல ஸ்கேனர் எப்போதும் வேகமில்லை. ஒரு பாக்கெட் ரொட்டியும் ஒரு டின் பாலும் வாங்க வருபவருக்கு மாமா பில்லே எழுதுவதில்லை, சாமானைக் கையில் எடுக்கும்போதே தொகையைச் சொல்லிவிடுவார். அந்த இடத்தில் ஸ்கேன் செய்து, ரசீது அச்சாகி, கிழித்துக் கொடுப்பது ஒன்றிரண்டு விநாடி தாமதம்தான். காலையில் வேலைக்குப் போகும் வழியில் வருகிறவர்களில் பாதிப்பேர் இந்த ரகம். ஆக நாம் ஒப்பிடுவது ஸ்கேனரையும் பில் புத்தகத்தையும் மட்டுமல்ல, ஸ்கேனரையும் மாமாவின் மனக்கணக்கையும்.

பெரிய பில்லுக்கு வந்தால் கதை வேறு. ஒரு சாதாரண சனிக்கிழமை பில்லை எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோ சமையல் எண்ணெய் பாக்கெட் இரண்டு, 2.50 வீதம் 5 வெள்ளி. டின் பால் இரண்டு, 6.80. பீஹூன் 2.30. முட்டை பத்து, 45 காசு வீதம் 4.50. வெங்காயம் 735 கிராம், கிலோ 5 வெள்ளி என்றால் 3.68. துவரம் பருப்பு அரைக் கிலோ 3.40. கறித்தூள் 4.95. சோப்பு மூன்று, 2.15 வீதம் 6.45. பிஸ்கட் 5.60. மொத்தம் 42.68. இதில் ஒன்பது வரி. மாமா இதை எழுதிக் கூட்டி, மறுபடி கீழிருந்து மேலாக ஒருமுறை கூட்டிச் சரிபார்க்க ஒன்றரை நிமிடம் போல ஆகிறது. மறுகூட்டல் இல்லாமல் விட்டால் இன்னும் சீக்கிரம், ஆனால் தப்பெல்லாம் அங்கேதான் நுழைகிறது. ஸ்கேனரில் இதே கூடை ஒரு நிமிடத்துக்குள் முடிகிறது. பட்டைக்கோடு உள்ள ஆறு வகையும் மளமளவென்று போய்விடுகிறது, மீதி நேரம் முழுக்க வெங்காயத்துக்கும் பருப்புக்கும் முட்டைக்கும்தான். தராசில் வைப்பதும் பையில் போடுவதும் எந்த முறையிலும் ஒரே நேரம்தான், அதை எந்த மெஷினும் குறைக்கப்போவதில்லை.

நான்கைந்து சாமானுக்கு மேல் போனால் ஸ்கேனர் முந்துகிறது, அதற்குக் கீழே மாமா முந்துகிறார் என்பதுதான் நான் கண்ட கணக்கு. ஆனால் இது மாமா கவுண்டரில் நிற்கும்போது. அத்தை நின்றால் ஒவ்வொரு இரண்டாவது சாமானுக்கும் "என்னங்க, இது எவ்வளவு?" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட வேண்டியிருக்கும், அல்லது அலமாரிவரை நடந்து விலைச் சீட்டைப் பார்த்துவிட்டு வர வேண்டும். அவருக்கு அந்த ஒன்பது வரி பில் மூன்று நிமிடத்தைத் தொட்டுவிடும். ஸ்கேனர் வந்த பிறகு அத்தையின் வேகமும் மாமாவின் வேகமும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டது. என்னைக் கேட்டால் மெஷினின் உண்மையான லாபம் இதுதான். விலை தெரிந்த ஆளை அது வேகமாக்குவதில்லை, தெரியாத ஆளைத் தெரிந்தவர் அளவுக்குக் கொண்டுவருகிறது. ஒரே ஆள் காலை முதல் இரவுவரை நிற்கிற கடையென்றால் இந்த லாபம் பாதியாகக் குறைந்துவிடும், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தப்புகள். கைப் பில்லில் எந்த மாதிரித் தப்பு என்று இரவில் நகல்களைப் பார்த்தபோதுதான் தெளிவானது. கூட்டல் தப்பு நான் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. அதிகமாக இருந்தது பழைய விலை. சப்ளையர் போன வாரம் முப்பது காசு ஏற்றியிருப்பார், அலமாரியில் சீட்டு மாறியிருக்கும், கை மட்டும் பழைய விலையையே எழுதும். அதற்கடுத்து, பையில் போட்டுவிட்டு பில்லில் எழுத மறந்த சாமான். இது நகலை வைத்துக் கண்டுபிடிக்கிற தப்பு இல்லை. மாலையில் சில சாமான்களை மட்டும் அலமாரியில் எண்ணி, பில்லில் விற்றதோடு பொருத்திப் பார்த்தால்தான் வெளியே வருகிறது.

இந்தத் தப்புகளுக்கு ஒரு சாய்வு உண்டு. கூடுதலாகப் போட்டால் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து சொல்லுவார், "அண்ணே, சோப்பு நாலு போட்டிருக்கீங்க." குறைவாகப் போட்டால் பெரும்பாலும் யாரும் வருவதில்லை, அவர்களுக்கே தெரிந்திருக்காது. அதனால் திருத்தப்படுகிற தப்பெல்லாம் ஒரு பக்கம், திருத்தப்படாமல் தங்குகிற தப்பெல்லாம் கடைக்கு நட்டமான பக்கம். "என்கிட்ட யாரும் குறை சொல்லலையே" என்று மாமா சொன்னது நிஜம்தான், ஆனால் அது கணக்குச் சரியாக இருந்ததற்கு அத்தாட்சி ஆகாது.

ஸ்கேனர் தப்பே செய்யாதா என்றால், செய்யும், வேறு மாதிரி. பட்டைக்கோட்டை மெஷின் தவறாகப் படிப்பது மிக அரிது. பதின்மூன்று இலக்கத்தில் கடைசி இலக்கம் முந்தைய பன்னிரண்டையும் வைத்துக் கணக்கிடப்பட்ட சரிபார்ப்பு இலக்கம், அது பொருந்தாவிட்டால் ஸ்கேனர் சத்தமே போடாது. தப்பு அதற்குப் பிறகு வருகிற இடங்களில் இருக்கிறது, அதில் இரண்டை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

ஒன்று, அந்த "பீப்" சத்தம். புதிதாகக் கவுண்டரில் நிற்பவர்கள் பீப் கேட்டால் சாமான் பில்லில் ஏறிவிட்டது என்று நம்புகிறார்கள். அப்படி இல்லை. யுஎஸ்பியில் செருகுகிற சாதாரண ஸ்கேனர் கணினியைப் பொறுத்தவரை ஒரு விசைப்பலகைதான். கோட்டைப் படித்து, எண்களை வேகமாகத் தட்டச்சு செய்து, கடைசியில் Enter அழுத்துகிறது, அவ்வளவுதான் அதன் வேலை. பீப் என்றால் "நான் படித்துவிட்டேன்" என்று பொருள், "பில்லில் சேர்ந்துவிட்டது" என்று பொருள் இல்லை. பட்டியலில் இல்லாத ஒரு சாமானைக் காட்டினால், திரையில் பொருள் கிடைக்கவில்லை என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். அதைக் கவனிக்காமல் அடுத்த நான்கு சாமானை ஸ்கேன் செய்தால் நான்குக்கும் பீப் வரும், அந்த எண்களெல்லாம் அந்தப் பெட்டிக்குள் போய்த் தொலையும். கர்சர் அளவுக் கட்டத்தில் நின்றிருந்தால் இன்னும் வேடிக்கை, 955 என்று தொடங்குகிற பதின்மூன்று இலக்கம் அப்படியே சாமானின் எண்ணிக்கையாக விழும், பில் கோடிக்கணக்கில் காட்டும். அது பரவாயில்லை, கண்ணில் பட்டுவிடும். காணாமல் போகிற நான்கு சாமான்தான் கண்ணில் படாது.

இதற்கு நாங்கள் செய்த ஏற்பாடு இரண்டு. மென்பொருளில் பொருள் கிடைக்காதபோது கணினியின் ஒலிபெருக்கியில் பீப்பிலிருந்து வேறுபட்ட ஒரு சத்தம் வரும்படி வைத்தோம். அப்புறம், பில்லின் அடியில் "மொத்தச் சாமான்" என்று எண்ணிக்கை அச்சாகும்படி அமைத்தோம். அத்தை பையில் போடும்போது எண்ணிக்கொண்டே போடுவார், கடைசியில் அந்த எண்ணோடு ஒரு பார்வை. பொருந்தவில்லை என்றால் பணம் வாங்குமுன்பே தெரிந்துவிடும்.

இரண்டாவது, விலைப் பட்டியல். கையால் எழுதும்போது பழைய விலைத் தப்பு ஆங்காங்கே ஒன்றாக வரும். ஸ்கேனரில் பட்டியலில் ஒரு விலை தப்பாக இருந்தால் அந்தச் சாமான் விற்கும் ஒவ்வொரு முறையும் அதே தப்பு, ஒரு முறைகூட விடாமல். பிஸ்கட் வாங்கும் விலை ஏறியிருக்கும், பட்டியலில் மாற்றவில்லை என்றால் ஒரு பெட்டி முழுதும் வாங்கிய விலைக்குக் கீழே போய்விடும், மெஷின் துல்லியமாக அதைச் செய்துகொண்டே இருக்கும். எனவே மாமா கடையில் இப்போது ஒரு கட்டுப்பாடு: லாரியிலிருந்து இறங்கிய பெட்டியை சப்ளையர் பில்லோடு ஒப்பிட்டு, விலை மாறியிருந்தால் கணினியில் மாற்றிய பிறகுதான் அலமாரிக்குப் போகும். அதே நேரத்தில் அலமாரி விலைச் சீட்டும் மாற வேண்டும். சீட்டில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை என்றால் வாடிக்கையாளர் கவுண்டரில் சத்தம் போடுவது நியாயம்தான். நம் நாட்டில் விலைச் சீட்டு வைப்பது சட்டப்படி கட்டாயம், அதிலே ஏமாற்று என்று பெயர் வந்தால் அது பெரிய தலைவலி.

ஒட்டிக் கொடுக்கிற இலவசப் பொருள் ஒரு தனித் தொல்லை. காப்பி பாக்கெட்டோடு ஒரு பிஸ்கட் பாக்கெட்டை டேப் போட்டு ஒட்டியிருப்பார்கள், இரண்டு கோடும் வெளியே தெரியும், ஸ்கேனர் எது முன்னால் கிடைக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். இறக்கி வைக்கும்போதே இலவசப் பொருளின் கோட்டின்மேல் மார்க்கர் பேனாவால் அடர்த்தியாகப் பூசிவிட்டால் தீர்ந்தது. பட்டைகளுக்குக் குறுக்கே ஒற்றைக் கோடு மட்டும் இழுத்தால் போதாது, அதற்கு மேலேயோ கீழேயோ படித்துவிடும். முழுதுமாக மறைக்க வேண்டும்.

800 சாமானைக் கணினியில் ஏற்றும் வேலையில் மாட்டிக்கொள்ள ஓர் இடம் உண்டு. பெரும்பாலும் எக்செல் மாதிரி ஓர் அட்டவணையில் எண், பெயர், விலை என்று நிரப்பிக்கொண்டு அதை CSV கோப்பாகச் சேமித்து மென்பொருளுக்குள் இழுப்பார்கள். பட்டைக்கோடு கட்டத்தைச் சாதாரண எண்ணாக விட்டால் பதின்மூன்று இலக்கம் `9.556E+12` என்று சுருங்கித் தெரியும், அப்படியே CSV ஆகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் போயே போய்விடும், திரும்பக் கிடைக்காது. முன்னால் பூஜ்யம் உள்ள எண்ணில் அந்தப் பூஜ்யமும் விழுந்துவிடும். முதல் சாமானை ஸ்கேன் செய்யுமுன்பே அந்தக் கட்டம் முழுவதையும் Text என்று மாற்றிவிடுங்கள். அப்புறம், எண்ணைப் பார்த்துக் கையால் தட்டச்சு செய்யாதீர்கள், ஸ்கேனரையே அட்டவணைக்குள் அடிக்க விடுங்கள், அது விசைப்பலகைதானே.

உடைத்து விற்கும் சாமான்தான் மளிகைக் கடையின் பெரிய சிக்கல். சூப்பர்மார்க்கெட்டில் லேபிள் அச்சிடும் தராசு இருக்கும், எடை போட்டதும் ஒட்டுகிற சீட்டு வரும். அந்தச் சீட்டின் கோடு 2 என்ற இலக்கத்தில் தொடங்கும், ஏனென்றால் அந்த வரிசை கடைகள் உள்ளுக்குள் பயன்படுத்திக்கொள்ள ஒதுக்கப்பட்டது. உள்ளே சாமானின் எண்ணும் தொகையும் அடங்கியிருக்கும். உதாரணமாக 2100042007352 என்றால், 21 கடையின் குறி, 00042 வெங்காயம், 00735 என்பது 7.35 வெள்ளி, கடைசி 2 சரிபார்ப்பு இலக்கம். அழகான ஏற்பாடு. ஆனால் அந்தத் தராசின் விலையைக் கேட்டதும் மாமா பேச்சை மாற்றிவிட்டார், நானும் வற்புறுத்தவில்லை.

அதற்குப் பதிலாக, பட்டைக்கோடு இல்லாத சாமான்களுக்கெல்லாம் நாலிலக்க எண் கொடுத்து, கோடுகளாக ஒரு தாளில் அச்சிட்டு, பக்கத்தில் தமிழில் பெயர் எழுதி கவுண்டரில் ஒட்டினோம். வெங்காயம், உருளைக்கிழங்கு, பருப்பு வகை, முட்டை, நெத்திலி, கருவாடு. பழைய தராசில் எடை பார்த்து, தாளில் வெங்காயக் கோட்டைக் காட்டி, 0.735 என்று அடித்தால் விலை தானாக வரும். இதற்கு இரண்டு எச்சரிக்கை. தாளைப் பளபளக்கும் லேமினேஷன் போட்டால் மேலே இருக்கும் குழல் விளக்கு அதில் பிரதிபலித்து ஸ்கேனர் திணறும். மங்கலான ரக உறை போடுங்கள், இல்லாவிட்டால் ஸ்கேனரைக் கொஞ்சம் சாய்த்துப் பிடிக்க வேண்டியிருக்கும். அடுத்தது, யாராவது 0.735 என்பதற்கு 735 என்று அடித்துவிடுவார்கள், 735 கிலோ வெங்காயம். அளவு 20-க்கு மேல் போனால் கேட்டுவிட்டுத்தான் ஏற்றும்படி வைத்துவிட்டோம். அரிசி மூட்டைக்கு மட்டும் தனி எண்.

இப்போது செலவு. பழைய கணினி ஒன்று 450 வெள்ளி, ஸ்கேனர் 90, ரசீது அச்சு இயந்திரம் 180, கல்லாப்பெட்டி 130, கரண்டு போனால் தாங்க ஒரு யுபிஎஸ் 200. மொத்தம் 1,050. மென்பொருள் இலவசமாகக் கிடைப்பதையே எடுத்தோம், மாதக் கட்டணம் கேட்பவற்றைத் தொடவில்லை. காகிதச் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை, பில் புத்தகத்துக்கு ஆன காசு இப்போது அச்சுச் சுருளுக்குப் போகிறது. கணக்கில் யாரும் சேர்க்காத செலவு ஆள் வேலைதான். சாமானுக்கு ஒரு நிமிடம் வைத்தால் 800 சாமானுக்குப் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல், அதுவும் ஒருவர் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுக்க இன்னொருவர் அடிக்க. அதற்குப் பிறகும் லாரி வருகிற ஒவ்வொரு நாளும் கொஞ்ச நேரம்.

இது திரும்பக் கிடைக்குமா என்பது கடையைப் பொறுத்தது. பழைய விலையிலும் விட்டுப்போன சாமானிலுமாக ஒரு நாளைக்கு 3 வெள்ளி ஒழுகுகிறது என்று வைத்துக்கொண்டால் மாதம் 90, பன்னிரண்டு மாதத்தில் 1,080, போட்ட பணம் வந்துவிடும். ஒழுகுவது 50 காசுதான் என்றால் ஆறு வருடம் ஆகும், அதற்குள் கணினி போய்ச் சேர்ந்துவிடும். அதனால் வாங்குமுன் ஒரு வேலை செய்யுங்கள். கைப் பில்லின் நகல்களைச் சில இரவுகள் உட்கார்ந்து சரியான விலையோடு ஒப்பிடுங்கள், சில சாமான்களை அலமாரியில் எண்ணி விற்றதோடும் பொருத்திப் பாருங்கள், அன்றாடம் எவ்வளவு ஒழுகுகிறது என்ற உங்கள் சொந்த எண் கிடைக்கும். அது இல்லாமல் ஸ்கேனர் கடைக்காரர் சொல்வதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

காசுச் சில்லறை விஷயத்தில் மென்பொருளைச் சரியாக அமைக்க வேண்டும். 2008 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் ஒரு காசு நாணயம் புதிதாக வெளியிடுவதில்லை, ரொக்கமாக வாங்கினால் பில்லின் மொத்தத்தைப் பக்கத்து ஐந்து காசுக்கு மாற்றுகிறோம். மேலே சொன்ன 42.68 ரொக்கத்தில் 42.70 ஆகிறது, கியூஆர் மூலம் கட்டினால் 42.68 தான். மாமா கையால் எழுதும்போது ஒவ்வொரு எடைச் சாமானையும் தனித்தனியாக மேலே தள்ளிவிடுவார், பழக்கம். மென்பொருளில் இது மொத்தத்துக்கு மட்டும் என்று வைக்க வேண்டும், வரிக்கு வரி வைத்தால் கணக்குத் தெரிந்த வாடிக்கையாளர் கேட்பார்.

ரசீதில் பெயர்களை மலாயில் வைத்தோம். மலிவான அச்சு இயந்திரத்துக்குத் தமிழ் எழுத்து தெரியாது, படமாக அனுப்பினால் அச்சாகும், ஆனால் மெதுவாக. வாடிக்கையாளரில் பலரும் மலாய்க்காரர்கள் என்பதால் பெரிய குறையாகத் தெரியவில்லை, ஒரு பாட்டி மட்டும் "என்னப்பா இது, சாமான் பேரே புரியல" என்று திட்டிவிட்டுப் போனார். இன்னொன்று, வெப்பத்தாள் ரசீதில் எழுத்து நாளடைவில் மங்கிவிடும். வருமான வரிக்கு ஏழு வருடம் கணக்கு வைத்திருக்க வேண்டிய நாட்டில் அதை நம்ப முடியாது, தினமும் இரவு அன்றைய விற்பனைக் கோப்பை ஒரு பென்டிரைவுக்கும் நகல் எடுக்கிறோம். கார்பன் நகல் இந்த விஷயத்தில் மேல், அலமாரியில் போட்டால் கிடக்கும்.

கடைசியில் எதெல்லாம் கையில் தங்கிவிட்டது என்று கேட்டால், முதலில் கடன். மென்பொருளில் வாடிக்கையாளர் கடன் என்று ஒரு பகுதி இருக்கிறது, மாமா அதைத் தொடவே இல்லை. 555 நோட்டில் எழுதி, வாங்கியவரிடம் காட்டி, அவர் தலையாட்டிய பிறகுதான் மூடுகிறார். திரையில் இருக்கிற எண்ணை வாங்கியவர் பார்ப்பதில்லை, அதனால் சம்பள நாளில் "நான் அவ்வளவு வாங்கலையே" என்ற பேச்சு வரும் என்கிறார், அதில் நியாயம் இருக்கிறது. இப்போது ரசீதை அச்சிட்டு, மொத்தத்தை மட்டும் நோட்டில் ஏற்றி, ரசீதை அந்தப் பக்கத்திலேயே ஸ்டேப்ளர் போட்டு வைக்கிறோம். காலை நேரத்து ஒன்றிரண்டு சாமானுக்கு மாமா இன்னும் வாயால்தான் தொகை சொல்கிறார். ஆனால் சொல்லிக்கொண்டே சாமானை ஸ்கேனர் முன்னால் ஒரு காட்டுக் காட்டிவிடுகிறார், ரசீது அச்சிடாமல். இல்லாவிட்டால் இருப்புக் கணக்கு மாலையில் உதைக்கும் என்று அத்தை ஒரு தடவை பட்டியலைக் காட்டிக் கேட்டதிலிருந்து அப்படி.